ஆட்டோ பின்னாடி எழுதுற வாசகம்: சிரிப்பும் வரணும், நம்பரும் மனசுல நிக்கணும், ஐடியா சொல்லுங்க

ஸ்ரீரங்கம்_ஓனர்
வணக்கம் மக்களே. என்கிட்ட ஒரு ஆட்டோ இருக்கு, நானே ஓட்டுறேன், சாயங்காலத்துக்கு மேல மச்சினன் ஓட்டுவான். ஸ்ரீரங்கம் – சத்திரம் – ஜங்ஷன் இப்படித்தான் ஓட்டம். பழைய டாப் கிழிஞ்சு போச்சு, வண்டிய பெயிண்ட் பண்ணி புதுசா டாப் போடுறேன், பின்னாடி வாசகமும் மாத்தலாம்னு இருக்கேன். இதுவரைக்கும் "ஹார்ன் அடிச்சா சிக்னல் பச்சையாகாது"ன்னு எழுதி அதுக்குக் கீழ போன் நம்பர் போட்டிருந்தேன். சிக்னல்ல நிக்கிறப்போ பின்னாடி பைக்காரங்க சிரிக்கிறது கண்ணாடில நல்லா தெரியும், சில பேரு போட்டோ கூட எடுப்பாங்க, ஆனா ரெண்டு வருஷத்துல அந்த நம்பரப் பாத்து போன் பண்ணவங்க ஒரு கை விரல்ல அடங்கிடுவாங்க. வழக்கமா வர்ற பாட்டி ஒருத்தங்களே "உன் ஹார்ன் ஜோக்கு ஞாபகம் இருக்குப்பா, நம்பர்தான் மறந்து போச்சு, வேற வண்டில போயிட்டேன்"னு சொன்னாங்க. அன்னைக்குத்தான் உறைச்சுது.

நம்பரோட கடைசி அஞ்சு 66718. முதல் அஞ்ச இங்க போடல, புரிஞ்சுக்கோங்க. இத வச்சு சிரிக்கிற மாதிரி ஏதாவது வருமா?

மதுரக்காரன்77
ஃபேன்சி நம்பர் வாங்கிருங்கண்ணே, ஆர்டிஓ ஆபீஸ்ல பணம் கட்டுனா 7777 கிடைக்கும், எங்க சித்தப்பா வாங்குனாரு, இப்ப ஊரே அந்த வண்டிய அடையாளம் வச்சிருக்கு.

ஸ்ரீரங்கம்_ஓனர்
தம்பி நான் கேட்டது போன் நம்பரு, நம்பர் ப்ளேட் இல்ல 😀

மதுரக்காரன்77
ஓ சாரிண்ணே. அப்ப 7777ல முடியிற சிம் வாங்குங்க.

ஸ்ரீரங்கம்_ஓனர்
பதினோரு வருஷமா இதே நம்பரு. பள்ளிக்கூட சவாரி, டயாலிசிஸுக்குப் போற ஒரு ஐயா, எல்லாரும் இதுலதான் கூப்பிடுறாங்க. மாத்த முடியாது.

ஸ்டிக்கர்கடை_பாபு
நான் 16 வருஷமா வண்டிக்கு எழுதுறவன். முதல்ல பிரஷ்ஷு, இப்ப ஸ்டிக்கர் கட்டிங். உங்க பாட்டி சொன்னதுலயே பதில் இருக்குங்க. ஜோக்கு தனியா, நம்பர் தனியா எழுதுனா பாக்குறவன் ஜோக்க மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவான். ஜோக்கு எவ்வளவு நல்லா இருக்கோ அவ்வளவுக்கு நம்பர் கண்ணுல படாமப் போயிடும், ஏன்னா சிக்னல்ல அவனுக்குக் கிடைக்கிறதே பத்து பதினஞ்சு செகண்ட், அதுல பாதி படிக்கிறதுக்கும் மீதி சிரிக்கிறதுக்கும் போயிடுது. நம்பரே ஜோக்குக்குள்ள இருந்தாத்தான் சிரிச்சவன் நம்பரையும் சேத்து சிரிச்சிருப்பான்.

தமிழ்ல இதுக்கு வசதி ஜாஸ்தி. ஆறுன்னா தண்ணி ஓடுற ஆறு, சூடு ஆறு, கோவம் ஆறு. அஞ்சுன்னா பயப்படு. எட்டுன்னா கை எட்டுறது, ஒரு எட்டு வச்சு நடக்கிறது. நாலுன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுறது. நீங்க ஸ்ரீரங்கத்துல இருந்துக்கிட்டு 66 வச்சிருக்கீங்க, அப்புறம் என்ன யோசனை.

பின்சீட்டு_பிரியா
ஐயோ ஆமா!! தெக்க காவேரி வடக்க கொள்ளிடம், ரெண்டு ஆறு!! 66 😍

ஸ்ரீரங்கம்_ஓனர்
அடடா. பொறந்ததுலேந்து ரெண்டு பாலத்துலயும் வண்டி ஓட்டுறேன், எனக்குத் தோணல பாருங்க.

பின்சீட்டு_பிரியா
7க்கு கோயில்ல ஏழு பிரகாரம் இருக்கே. எங்க பெரியம்மா வீடு உத்தர வீதில, சின்ன வயசுல லீவுக்கு வந்தா ஏழு மதிலையும் எண்ணிக்கிட்டே போகச் சொல்லுவாங்க, எனக்கு மூணாவதுலயே குழம்பிடும்.

லாஜிக்_லோகு
இவ்வளவு கஷ்டம் எதுக்கு, வெளிநாட்டுல போன் நம்பர எழுத்தாவே எழுதுவாங்க தெரியுமா. டயல் பண்ற இடத்துல 2க்குக் கீழ ஏபிசி, 3க்குக் கீழ டிஇஎஃப்னு இருக்குல்ல, அத வச்சு ஒரு வார்த்தையா ஆக்கிட்டா முடிஞ்சுது. 66718க்கு என்ன வார்த்தை வரும்னு பாத்து எழுதுங்க.

ஸ்டிக்கர்கடை_பாபு
ஐடியா நல்ல ஐடியாதான் லோகு, ஆனா 1க்குக் கீழ எழுத்தே கிடையாது, 0க்கும் கிடையாது. உங்க வார்த்தை நாலாவது இலக்கத்துலயே நின்னுடும். அதோட அது இங்கிலீஷ் எழுத்து, ஆட்டோ கூப்பிடுற பெரியவங்க எத்தன பேரு அந்தக் குட்டி எழுத்தப் பாத்து அமுக்குவாங்க.

லாஜிக்_லோகு
சரி, அப்ப க்யூஆர் ஒட்டிடுங்க, ஸ்கேன் பண்ணா நம்பர் வந்துடும், ஞாபகமே தேவையில்ல.

ஸ்டிக்கர்கடை_பாபு
ஒட்டிக் குடுத்திருக்கேன். க்யூஆரோட அகலத்த மாதிரி சுமார் பத்து மடங்கு தூரம் வரைக்கும்தான் போன் சரியா எடுக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. நாலு அங்குலத்துல ஒட்டுனா மூணு மூணரை அடி. அந்தத் தூரத்துல பைக்க நிறுத்தணும்னா ஆட்டோ மேல ஏறித்தான் நிறுத்தணும். எட்டு அங்குலம் போட்டா ஆறேழு அடில எடுக்கும், ஆனா பின்பக்கத்துல பாதிய அதுவே தின்னுடும், சிரிக்க வைக்க இடம் இருக்காது. வண்டிக்கு உள்ள, சீட்டுக்கு எதிர்க்க ஒட்டுனா நல்ல யூஸு, அது வேற விஷயம்.

வடக்குவீதி_மாமா
இதெல்லாம் புதுசு இல்லை. எழுத்துக்கு எண் குடுக்கிற முறை நம்ம சங்கீதத்துலயே இருக்கு, கடபயாதின்னு பேரு. மாயாமாளவகௌளைல முதல் ரெண்டு எழுத்து மா, யா. மா 5, யா 1, திருப்பிப் போட்டா 15, அதுதான் மேளகர்த்தா நம்பர். இதே மாதிரி உங்க நம்பருக்கு ஒரு சொல் அமைக்கலாமே.

ஸ்டிக்கர்கடை_பாபு
மாமா, எனக்கு சங்கீதம் தெரியாது. ஆனா இத எத்தன பாசஞ்சர் பிரிச்சுப் படிப்பாங்க?

வடக்குவீதி_மாமா
எங்க வீதில நாலு பேர் படிப்பா. வாஸ்தவம், நாலு பேரை வெச்சுண்டு ஆட்டோ ஓட்ட முடியாது. அதுவும் இல்லாம தமிழ் எழுத்துல க ஒண்ணுதான், அந்த முறைக்கு நாலு விதமான க வேணும், சரியா வராது. நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஏழு பிரகாரம்னு சொன்னது பொருத்தம், அதை விடாதீங்கோ.

ஸ்ரீரங்கம்_ஓனர்
நானே ஒன்னு எழுதிப் பாத்தேன். எப்படி இருக்கு?

"ரெண்டு ஆறு, ஏழு மதிலு
ஒரு எட்டு போலாமா?"

66, 7, 1, 8. "ஒரு எட்டு போயிட்டு வந்துடுறேன்"னு நாம சொல்ற பேச்சுல இருந்துதான் அந்த 18 புடிச்சேன். சவாரிக்கும் கரெக்ட்டா இருக்குல்ல.

பின்சீட்டு_பிரியா
சூப்பர்ர்ர் 🔥🔥 ஒரு எட்டு போலாமா செம. நான் பாத்தா கண்டிப்பா சிரிப்பேன்.

மதுரக்காரன்77
அண்ணே தெறி. எனக்கும் ஒன்னு சொல்லுங்க, என் நம்பரு 6100ல முடியுது, ஷேர் ஆட்டோ.

லாஜிக்_லோகு
"ஆறிலும் சாவு நூறிலும் சாவு"

மதுரக்காரன்77
🤣🤣🤣 எவனாவது ஏறுவானா அதப் படிச்சுட்டு

ஸ்டிக்கர்கடை_பாபு
சிரிப்பா இருந்தாலும் இத ஒரு பாடமா எடுத்துக்கோங்க. நம்பர் கச்சிதமா பொருந்துது, யாரும் மறக்கவும் மாட்டாங்க, ஆனா எழுதக் கூடாது. வண்டி பின்னாடி இருக்கிறது ஏறப் போறவனுக்கும் சேத்துத்தான். எங்கிட்ட ஒருத்தர் 12ல முடியிற நம்பருக்கு "ஒன்னுக்கு ரெண்டு"ன்னு ஆரம்பிக்கிற மாதிரி எழுதச் சொன்னாரு, முதல் வார்த்தையப் படிச்சதுமே ஸ்டாண்டுல எல்லாரும் வேற மாதிரி சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க, மூணு நாள்ல உரிச்சுட்டுப் போனாரு.

ஓனர், உங்க வரி நல்லா இருக்கு, ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. ஒட்டுறதுக்கு முன்னாடி ஸ்டாண்டுல நாலஞ்சு பேருகிட்ட வாயால சொல்லி, நம்பர எழுதிக் காட்டச் சொல்லுங்க. என்னன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாத்துட்டு வாங்க.

ஸ்ரீரங்கம்_ஓனர்
சஸ்பென்ஸா 😅 சரி நாளைக்குக் கேக்குறேன்.

கமலா_ஆட்டோ
நானும் ஆட்டோ ஓட்டுறேன், சென்னை. எல்லாரும் நம்பர் ஞாபகம் இருக்கணும்னு பேசுறீங்க, எனக்கு அதுவேதான் பிரச்சினை. வண்டி வாங்குன புதுசுல பின்னாடி பெருசா நம்பர் போட்டேன், பேரும் போட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல போன் வரும், எடுத்தா பேச மாட்டாங்க, இல்லன்னா பேசக் கூடாதது பேசுவாங்க. வாட்ஸப்புல வேற. ஒரு மாசத்துல நானே நம்பர் மேல கருப்பு டேப்பு ஒட்டிட்டேன். சிரிக்க வைக்கிற மாதிரி எழுதுனா இன்னும் ஜாஸ்தி வரும்னுதான் தோணுது. பொம்பள டிரைவருக்கு என்ன பண்றது, அதையும் யாராவது சொல்லுங்க.

பின்சீட்டு_பிரியா
அக்கா 😔 எனக்கு இந்தப் பக்கம் யோசிக்கவே தோணல.

ஸ்டிக்கர்கடை_பாபு
அக்கா, என் கஸ்டமர்ல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க. ஒருத்தங்க பின்னாடி போடுறதுக்குன்னே தனி சிம், அதுக்கு ஒரு பழைய பட்டன் போன், வாட்ஸப்பே கிடையாது. வண்டிய வீட்டுல நிறுத்துனா போனும் ஆஃப். சொந்த நம்பர ரெகுலர் பாசஞ்சருக்கு மட்டும் வாயால சொல்லுவாங்க. பேரு போடல, ஸ்டாண்டு பேரு மட்டும்தான். இன்னொருத்தங்க வீட்டுக்காரர் நம்பரப் போட்டுட்டாங்க, அவரு எடுத்து இவங்களுக்கு சொல்லுவாரு, அதுல பாதி சவாரி கைவிட்டுப் போகுதுன்னு புலம்புறாங்க.

கமலா_ஆட்டோ
தனி சிம் நானும் யோசிச்சேன். ஆனா கரெக்ட்டா காலேல நாலரை மணி ஸ்டேஷன் சவாரிக்குத்தான் ராத்திரி கூப்பிடுவாங்க, ஆஃப் பண்ணி வச்சா அது போயிடும். அந்த சவாரிதான் நல்ல காசு. பாக்கலாம்.

லாஜிக்_லோகு
ஒரு நிமிஷம், வண்டில ஸ்டிக்கரே ஒட்டக் கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சே, 2024ல சென்னைல போலீஸ் புடிச்சு ஃபைன் போட்டாங்களே. எல்லாரும் என்னமோ பேசிட்டு இருக்கீங்க.

ஸ்டிக்கர்கடை_பாபு
பாதி சரி. 2024 மே மாசம் சென்னைல ஆரம்பிச்சாங்க, அது பிரஸ், போலீஸ், டாக்டர், வக்கீல், ஆர்மின்னு வேலைப் பேரும் சின்னமும் ஒட்டிக்கிட்டுத் திரியிறவங்களுக்கு. சம்பந்தமே இல்லாதவன் போலீஸ்னு ஒட்டுறான்ல, அதுக்காக. வாசகத்துக்கு இல்ல. ஆனா நம்பர் ப்ளேட்டத் தொடக் கூடாது, அத மறைக்கிற மாதிரியோ அதுமேலயோ எதையும் ஒட்டக் கூடாது, அதுக்குப் புடிச்சா நியாயம்தான்.

ஸ்ரீரங்கம்_ஓனர்
டெஸ்ட் பண்ணிட்டு வந்துட்டேன். பாபு அண்ணே, நீங்க சொன்னது கரெக்ட், ஓட்டை இருக்கு, அதுவும் பெரிய ஓட்டை.

ஸ்டாண்டுல டீ குடிக்கிறப்போ ஆறு பேருகிட்ட "ரெண்டு ஆறு, ஏழு மதிலு, ஒரு எட்டு போலாமா, இதுல ஒரு நம்பர் இருக்கு, கண்டுபுடிச்சு எழுதுங்க"ன்னு சொன்னேன். மூணு பேரு 66718னு எழுதுனாங்க. ரெண்டு பேரு 26718. ரெண்டுக்கு 2, ஆறுக்கு 6! அதுவும் எண்ணிப் பாத்தா அஞ்சு இலக்கம்தான் வருது, அதனால தப்புன்னு அவங்களுக்கே தெரியாது, யாரோ ஒரு பாவப்பட்டவருக்குப் போன் போகும். ஆறாவது ஆளு எங்க ஸ்டாண்டு தலைவரு, 6678னு எழுதிட்டு "ஒரு இலக்கம் எங்கய்யா காணோம்"னு என்னையத் திட்டுறாரு. ஒரு எட்டுன்னா அவருக்கு 8 மட்டும்தான்.

ஸ்டிக்கர்கடை_பாபு
அதேதான். தமிழ்ல "ரெண்டு ஆறு"ன்னா 26ம் ஆகும் 66ம் ஆகும். "மூணு அஞ்சு"ன்னாலும் அப்படித்தான், 35ஆ 555ஆ. இலக்கத்தோட எண்ணிக்கைய ஒரு எண்ணாச் சொல்லவே கூடாது. இலக்கத்த அப்படியே ரெண்டு தடவ சொல்லணும். 6678 எழுதுனவரப் பத்திக் கவலைப்படாதீங்க, ஒரு இலக்கம் குறையுதுன்னு அவருக்கே தெரிஞ்சுடும், திரும்பப் பாப்பாரு. 26718தான் ஆபத்து, ஏன்னா தப்பாப் புரிஞ்சுக்கிட்டவனுக்கும் கணக்கு சரியாத்தான் வருது.

வடக்குவீதி_மாமா
தெற்கே ஒரு ஆறு, வடக்கே ஒரு ஆறு. திசையை வெச்சே சொல்லிடுங்கோ.

லாஜிக்_லோகு
மாமா "ஒரு ஆறு"ன்னா அது 16, 16 ஆயிடும் 😂 இப்பத்தான பேசுனோம்

வடக்குவீதி_மாமா
அட ஆமாம். ஒரு வேண்டாம்.

ஸ்ரீரங்கம்_ஓனர்
"தெக்க ஆறு வடக்க ஆறு
ஏழு மதிலு, ஒரு எட்டு போலாமா?"

இப்ப?

பின்சீட்டு_பிரியா
இது முன்னாடிய விட நல்லா இருக்கு, பாட்டு மாதிரி ஓடுது. நம்ம ஊரு படமே கண்ணு முன்னாடி வருது, ஆறு, மதிலு, ஆறு.

ஸ்டிக்கர்கடை_பாபு
புடிச்சுட்டீங்க. இப்ப எழுத்து வேலைக்கு வருவோம், இதுல கோட்டை விட்டா மேல பேசுனது எல்லாம் வீணு.

உங்க வரிக்குக் கீழ 6 6 7 1 8னு இலக்கத்த போடுங்க, ஆனா எங்கயோ ஒரு மூலைல இல்ல, அந்தந்த வார்த்தைக்கு நேர் கீழ. முதல் வரில "ஆறு"க்குக் கீழ 6, அடுத்த "ஆறு"க்குக் கீழ 6. அப்பத்தான் படிக்கிறவனுக்கு வார்த்தையும் இலக்கமும் ஒட்டும். இது ஏன் முக்கியம்னா, நம்ம ஆளுங்க பாதிப் பேரு தமிழ்ல பேசுனாலும் போன் நம்பர மட்டும் சிக்ஸ் சிக்ஸ் செவன்னுதான் சொல்லுவாங்க, என் பையன்கிட்ட "எழுபத்தொன்னு"ன்னு சொன்னா ஒரு நிமிஷம் யோசிக்கிறான். இலக்கம் கண்ணுக்கு முன்னாடி இருந்தா மனசுக்குள்ள மொழிபெயர்க்க வேண்டியதில்ல. வாசகம் ஞாபகத்துக்கு, இலக்கம் சந்தேகத்தத் தீக்க.

முழு நம்பரும் தனியா ஒரு தடவ வரணும், அஞ்சு அஞ்சாப் பிரிச்சு. நடுவுல நல்லா இடைவெளி விட்டு. பத்தையும் ஒட்டி எழுதுனா கண்ணு வழுக்கிட்டுப் போயிடும்.

அளவு. இலக்கம் ரெண்டு அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு அங்குல எழுத்து பத்து அடி தூரத்துக்கு சுகமாப் படிக்கலாம்னு போர்டு எழுதுறவங்க கணக்கு, அதத் தாண்டியும் தெரியும், ஆனா கண்ண இடுக்கணும். சிக்னல்ல பின்னாடி நிக்கிற பைக் அஞ்சாறு அடில இருக்கும், ஓடுறப்போ இருபது அடி. ரெண்டு அங்குலம் ரெண்டுக்கும் போதும்.

கலரு, மஞ்சள் மேல கருப்பு, அதுக்கு மேல யோசிக்கவே வேண்டாம். சிவப்பு எழுதி வெள்ளை பார்டர் குடுங்கம்பாங்க, கடைல பாக்க அழகா இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒன்னும் தெரியாது. ராத்திரி தெரியணும்னா இலக்கத்த மட்டும் ரேடியம் ஷீட்ல வெட்டலாம்.

அப்புறம் ஸ்டைலான ஃபான்ட் கேக்காதீங்க. வளைச்சு வளைச்சு எழுதுனா 6ம் 8ம் ஒன்னாத் தெரியும், 1ம் 7ம் அப்படித்தான். உங்க நம்பர்ல நாலும் இருக்கு!

ஸ்ரீரங்கம்_ஓனர்
அண்ணே டாப்பு ரெக்ஸின்லயே எழுதவா, இல்ல கீழ தகரத்துலயா? பழசு ரெக்ஸின்ல ஒட்டுனது ஒரு மழைக்கே ஓரம் தூக்கிடுச்சு.

ஸ்டிக்கர்கடை_பாபு
ரெக்ஸின்ல ஸ்டிக்கர் நிக்காது. அது சொரசொரன்னு இருக்கும், மடங்கும், வெயில்ல இளகும், ஓரம் தூக்கத்தான் செய்யும். ரெக்ஸின்ல வேணும்னா பெயிண்ட்ல எழுதணும், இல்லன்னா டாப்பு தைக்கிறவர்கிட்டயே எழுத்த வேற கலர் ரெக்ஸின்ல வெட்டி வச்சுத் தைக்கச் சொல்லணும். அது டாப்பு கிழியிற வரைக்கும் இருக்கும், ஆனா தமிழ்ல தைக்கிறவங்க இப்ப கம்மி. உங்களுக்கு வாசகத்த ரெக்ஸின்ல பெயிண்ட், நம்பர தகரத்துல ஸ்டிக்கர்னு பிரிக்க முடியாது, வார்த்தையும் இலக்கமும் ஒட்டி இருக்கணும்னு இப்பத்தான் சொன்னேன். அதனால எல்லாமே தகரத்துல. ஆனா என்ஜின் மூடிக்கு மேல இருக்கிற பட்டைல, ரொம்பக் கீழ போனா எண்ணெயும் புழுதியும் படிஞ்சு ஒரு வாரத்துல மறைஞ்சுடும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணில கழுவி, காய வச்சு, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கணும். பெயிண்ட் புதுசா அடிச்சிருந்தா ஒரு வாரமாவது விடணும், உள்ள காயாம ஒட்டுனா பின்னால கொப்புளம் கொப்புளமா வரும். ஒட்டுனதுக்கு அப்புறம் ஒரு நாள் தண்ணி படக் கூடாது.

இன்னொன்னு, இது தமிழ்ல எழுதுறவங்களுக்குன்னே உள்ள தலைவலி. புள்ளி. மெஷின்ல வெட்டி உரிக்கிறப்போ புள்ளி குட்டியா இருக்கிறதால அதுவும் சேந்து வந்துடும், இல்லன்னா ரெண்டாவது தடவ வண்டி கழுவுறப்போ கீழ விழுந்துடும். "பஸ் ஸ்டாண்ட்" எழுதிக் குடுத்தா மூணு மாசத்துல "பஸ ஸடாணட" ஆகி நிக்கும். உங்க வரில புள்ளி வர்ற எழுத்து எத்தனன்னு எண்ணிப் பாருங்க.

ஸ்ரீரங்கம்_ஓனர்
தெக்கல ஒன்னு, எட்டுல ஒன்னு. வடக்கல ஒன்னு. மூணு.

ஸ்டிக்கர்கடை_பாபு
ரொம்பக் கம்மி, அதிர்ஷ்டக்காரர். அந்த மூணயும் மட்டும் கொஞ்சம் பெருசா வெட்டச் சொல்லுங்க. இல்ல மார்க்கர் இருக்கு.

கடைசியா, வாசகத்த வாட்ஸப்ல அனுப்பிட்டு விட்டுடாதீங்க. எங்கள மாதிரிக் கடைல பழைய டிசைன் சாஃப்ட்வேரு, பழைய ஃபான்ட்டு. போன்ல அடிச்சத அதுல ஒட்டுனா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கும், இல்ல கட்டம் கட்டமா வரும். கடைக்காரர் அவரு ஃபான்ட்ல திரும்ப அடிப்பாரு, அப்பத்தான் தப்பு வரும். வெட்டுறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல நீங்களே எழுத்து எழுத்தாப் படிச்சு, நம்பர உங்க இன்னொரு போன்ல அமுக்கி ரிங் போகுதான்னு பாருங்க. சிரிக்காதீங்க, தப்பு நம்பர் ஒட்டி ஆறு மாசம் ஓட்டுனவர எனக்குத் தெரியும்.

கமலா_ஆட்டோ
எங்க ஸ்டாண்டுல வேற மாதிரி. பழைய வண்டிய வித்துட்டுப் போன அண்ணன் ஒருத்தரு, பின்னாடி எழுதுனத உரிக்காமக் குடுத்துட்டாரு. வாங்குனவரும் அது நல்லா இருக்குன்னு விட்டுட்டாரு. இன்னும் அந்த அண்ணனுக்குத்தான் போன் வருது, அவரு இப்ப ஊருல விவசாயம் பாக்குறாரு.

மதுரக்காரன்77
வாழைத்தாருக்கு ஆர்டர் எடுத்துக்கச் சொல்லுங்கக்கா 😂 சரி என் 6100க்கு யாராவது நல்லதா சொல்லுங்கப்பா, எல்லாரும் மறந்துட்டீங்க.

பின்சீட்டு_பிரியா
"கோவம் ஆறு, வயசு நூறு"? 6, 100. சண்டை போடாம போனா நூறு வயசு இருக்கலாம்னு.

மதுரக்காரன்77
அட! நல்லா இருக்கேக்கா. வெயில்ல டிராபிக்ல நிக்கிறவனுக்கு கரெக்ட்டு. எங்க ஊரு ஆளு கோவம் ஆறுவாய்ங்களான்னுதான் தெரியல.

லாஜிக்_லோகு
நூறுன்னா 100ன்னு மூணு இலக்கமா எடுப்பாங்களா? ஜீரோ ரெண்டு இருக்குன்னு எப்படித் தெரியும்?

ஸ்டிக்கர்கடை_பாபு
நூறு எல்லாருக்கும் ஒன்னு, சைபர், சைபர்தான் லோகு, அதுல குழப்பம் வராது. கீழ இலக்கமும் போட்டுடுவாரு.

ஸ்ரீரங்கம்_ஓனர்
மக்களே, ஒட்டி மூணு வாரம் ஆச்சு, சொல்லாம விட்டுட்டேன்.

பாபு அண்ணன் சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணேன். கடைக்காரரு முதல்ல "வடகக ஆறு"ன்னு அடிச்சு வச்சிருந்தாரு, ஸ்கிரீன்லயே புடிச்சுட்டேன். இந்த மூணு வாரத்துல பின்னாடி பாத்துக் கூப்பிட்டது பதினாலு போனு, நோட்டுல எழுதி வச்சேன். அதுல ஒம்பது சவாரியா ஆச்சு. மூணு பேரு நம்பர் வேலை செய்யுதான்னு பாக்குறதுக்கு அடிச்சவங்க, சிரிச்சுட்டு வச்சுட்டாங்க, பாக்கி ரெண்டு மிஸ்டு காலு.

ஒரு விஷயம் மட்டும் நாம யாரும் யோசிக்கல. கூப்பிட்ட ஒருத்தரு "தம்பி கடைசி அஞ்சும் மனப்பாடம் ஆயிடுச்சு, முதல் அஞ்சுக்குத்தான் உன் வண்டிய ரெண்டு நாளாத் தேடிக்கிட்டு இருந்தேன்"னு சொல்றாரு.

பின்சீட்டு_பிரியா
🤣🤣🤣🤣

ஸ்டிக்கர்கடை_பாபு
அய்யய்யோ. அதுக்கு எங்கிட்ட நேர் பதில் இல்லங்க. பத்தையும் வாசகத்துக்குள்ள அடைச்சா வரி நாலாயிடும், சிக்னல் பச்சையாயிடும். முன்பாதியப் பெருசா, தனி வரியா மேல ஏத்திப் பாக்கலாம், அது எப்படியும் ரெண்டு, மூணுன்னு பிரிச்சுச் சொன்னா நிக்கும். முன்பாதி எனக்குத் தனி மெசேஜ்ல அனுப்புங்க, ஏதாவது சிக்குதான்னு பாக்குறேன்.

ஸ்ரீரங்கம்_ஓனர்
அனுப்பிட்டேன் அண்ணே. ஆமா, அந்தப் பாட்டி இப்ப என் பேரச் சொல்றதில்ல. பேத்தி போன்ல என் நம்பர "மதிலு"ன்னு போட்டு வச்சிருக்காங்க, நேத்து கூப்பிட்டு "மதிலு, ஒரு எட்டு வந்துட்டுப் போப்பா"ங்குறாங்க.